புக் செய்த அறை வேறு, கொடுத்த அறை வேறு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஹோட்டல் அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டதும் "படத்தில் பார்த்தது இது இல்லையே" என்று தோன்றினால், முக்கால்வாசிப் பேர் படத்தைக் காட்டித்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். நான் பல வருடம் ரிசப்ஷனில், அதிலும் அதிகமாக இரவு ஷிஃப்டில் வேலை பார்த்தவன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவரை, இப்படி வரும் புகார்களில் நிறைய படம் சம்பந்தப்பட்டதே இல்லை. அவர்கள் புக் செய்த வகை அறை அன்றைக்குத் தீர்ந்து போயிருக்கும், அதற்கு ஒரு படி கீழே இருக்கும் வகையில் ஒன்றின் சாவியைக் கொடுத்து மேலே அனுப்பியிருப்பார்கள். வந்தவருக்குப் "படம் பொய்" என்று தெரிகிறது, உண்மையில் நடந்தது ஓவர்புக்கிங், அதாவது இருக்கிற அறையைவிட அதிகமாக விற்றது. இந்த இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தால் பேச வேண்டிய பேச்சே மாறிவிடும். அதனால்தான் என் தங்கைக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

தங்கையும் அவள் மாமியாரும் மூன்று இரவு தங்க ஒரு புக்கிங் தளம் வழியாக அறை எடுத்திருந்தார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே தளத்துக்குக் கட்டியாகிவிட்டது. அறை வகை "டீலக்ஸ் ட்வின்": இரண்டு தனித்தனிக் கட்டில், 24 சதுர மீட்டர், தெருவைப் பார்த்த ஜன்னல், குளியலறையில் தொட்டி இல்லாமல் நேரே நடந்து உள்ளே போகிற மாதிரி ஷவர். கடைசியாகச் சொன்னதுதான் அந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கவே காரணம், மாமியாருக்கு முழங்கால் வலி, உயரமான தொட்டி விளிம்பைத் தாண்ட முடியாது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தே முக்கால். ரிசப்ஷனில் ஒரே ஒருவர். சாவி வாங்கி மேலே போனால், ஒரே இரட்டைக் கட்டில், ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர், குளியலறையில் முழங்கால் உயரத்துக்குத் தொட்டி. அறையும் சின்னது.

தங்கை மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வராந்தாவிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். நான் முதலில் கேட்டது, செக்-இன் செய்யும்போது கையெழுத்துப் போட்ட ரெஜிஸ்ட்ரேஷன் கார்டிலோ, சாவி வைத்துக் கொடுத்த உறையிலோ என்ன அறை வகை எழுதியிருக்கிறது என்று. உறையைப் பார்த்தாள். அறை எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக "STD DBL" என்று இருந்தது. ஸ்டாண்டர்ட் டபுள். அவள் கட்டியது டீலக்ஸ் ட்வினுக்கு. அந்த ஐந்தாறு எழுத்திலேயே விஷயம் முடிந்தது, இது படத்தோடு பொருந்தாத டீலக்ஸ் அறை இல்லை, வேறு வகை அறை.

எல்லா ஹோட்டலிலும் உறையில் இப்படி எழுதுவதில்லை. எழுதாவிட்டாலும் கட்டில் எண்ணிக்கை, குளியலறை அமைப்பு, ஜன்னல், பால்கனி இவற்றைத் தளம் அனுப்பிய புக்கிங் வவுச்சரோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். ஒரே வகைக்குள் அறைக்கு அறை நிறமும் நாற்காலியும் மாறலாம், ஆனால் இரண்டு கட்டில் ஒன்றாகிப் போகாது.

இது ஏன் நடக்கிறது

ஹோட்டல்கள் இருக்கிற அறையைவிடக் கொஞ்சம் அதிகமாக விற்பது தவறுதலாக நடப்பதில்லை. ஒவ்வொரு நாளும் சிலர் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள், சிலர் சொல்லாமல் வராமலே இருந்துவிடுவார்கள், சிலர் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள். பழைய கணக்கைப் பார்த்து, இன்றைக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள் என்று ஊகித்து அந்த அளவுக்குக் கூடுதலாக விற்பார்கள். பெரும்பாலான நாட்களில் ஊகம் சரியாக வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஊகம் தப்பும் நாளில், போகவேண்டியவர் ஒரு நாள் நீட்டித்துத் தங்கினாலோ, ஓர் அறையில் குழாய் உடைந்து அதை மூடி வைத்திருந்தாலோ, ராத்திரி வருகிறவருக்கு அறை இருக்காது.

இதில் வெளியே அதிகம் தெரியாத ஒன்று உண்டு. மொத்த அறைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு வகை மட்டும் தீர்ந்து போவது அடிக்கடி நடக்கும். ஐம்பது அறை இருக்கிறது, ஐம்பது புக்கிங் இருக்கிறது, ஆனால் டீலக்ஸ் ட்வின் பத்துதான், விற்றதோ பன்னிரண்டு. கணினியில் மொத்தக் கணக்கு சரியாக இருப்பதாகத்தான் காட்டும், அதனால் யாரும் பதறுவதில்லை. மாலையில் முதலில் வருகிற பத்து பேருக்கு அறை கிடைத்துவிடும், கடைசி இரண்டு பேருக்கு மிச்சம் இருப்பதுதான். இப்படிக் கடைசியில் மாட்டுகிறவர் யார் என்பதும் ஓரளவு கணிக்கக் கூடியதே. தாமதமாக வருபவர், ஹோட்டலுக்கு முன்பின் தெரியாதவர், ஹோட்டலில் நேரடியாக எடுக்காமல் தளம் வழியாக எடுத்தவர், உறுப்பினர் அட்டை இல்லாதவர். தங்கை இந்த நான்கிலும் இருந்தாள்.

அதனால் நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது, இரவு எட்டு மணிக்கு மேல் போய்ச் சேருவதாக இருந்தால் அன்று மதியம் ஹோட்டலுக்கே போன் செய்து, வரும் நேரத்தைச் சொல்லி, "என் பெயரில் டீலக்ஸ் ட்வின் அறை எண் போட்டு வைத்துவிட்டீர்களா" என்று கேளுங்கள். அறை எண்ணை முன்கூட்டியே சொல்லமாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். அந்தக் கேள்வி வந்த பிறகு உங்கள் பெயருக்கு நேராக ஓர் அறையை ஒதுக்குவார்கள், அது போதும்.

கீழே இறங்கிப் போவதற்கு முன்

தங்கையிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். பெட்டியைத் திறக்காதே, கட்டிலில் படுக்காதே, குளியலறையைப் பயன்படுத்தாதே. காரணம் இருக்கிறது. பயன்படுத்திய அறையைத் திருப்பிக் கொடுத்தால் ஹவுஸ்கீப்பிங் ஆள் வந்து மறுபடி தயார் செய்ய வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஆள் இருக்கமாட்டார், அப்போது உங்களை மாற்றினால் ஹோட்டலுக்கு விற்கக்கூடிய ஓர் அறை அன்றைக்குப் போய்விடும். தொடாத அறை என்றால் சாவியை மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. மாற்றுவது அவர்களுக்கு எவ்வளவு சுலபமோ அவ்வளவு சீக்கிரம் மாற்றுவார்கள்.

அப்புறம் கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்து நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுக்கச் சொன்னேன்: கட்டில், ஜன்னலைத் திறந்து வெளியே தெரிவது, தொட்டி விளிம்பின் உயரம். கதவு எண்ணோடு சேர்ந்து வந்தால்தான் அது எந்த அறை என்பதில் பிறகு வாதம் வராது. தளத்தின் ஆப்பில் புக்கிங் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். கோபத்தில் ஆப்பில் இருக்கும் ரத்து பட்டனை மட்டும் அழுத்திவிடாதே. அதை அழுத்தினால் தளத்தின் கணக்கில் ரத்து செய்தது நீ, வந்த அன்றே ரத்து செய்தவர்களுக்குப் பல புக்கிங்கில் ஒரு காசும் திரும்ப வராது. ஹோட்டல் தரவில்லை என்பது ஒன்று, விருந்தினர் வேண்டாம் என்றார் என்பது வேறொன்று, இரண்டாவதாகப் பதிவாகிவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு. நான் வேலையில் இருந்தபோது இப்படி ரத்து செய்துவிட்டு வந்து நின்றவர்களுக்கு உதவ நினைத்தும் என் கையில் வழி இருந்ததில்லை.

அறையிலிருந்து போனில் பேசாமல் அவளையே கீழே போகச் சொன்னேன். போனில் சொன்னால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுவது சுலபம். எதிரே ஒருவர் நிற்கும்போது அப்படி விடுவது கஷ்டம்.

முதல் கேள்வி

அவள் கீழே போனபோது வேறொருவர் செக்-இன் செய்துகொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை தள்ளி நின்றாள். மற்றவர் முன்னால் "அறை இல்லை, மாற்றிக் கொடுத்துவிட்டோம்" என்று ஒப்புக்கொள்ள எந்த ஊழியருக்கும் மனம் வராது, அதனால் அந்த இரண்டு நிமிடக் காத்திருப்பு நல்லதே.

"சார், எனக்குக் கொடுத்திருக்கும் அறை உங்கள் கணினியில் எந்த வகையில் இருக்கிறது?"

அவர் திரையைப் பார்த்தார். "ஸ்டாண்டர்ட் டபுள் மேடம்."

"என் வவுச்சரில் டீலக்ஸ் ட்வின் இருக்கிறது. டீலக்ஸ் ட்வின் இன்றைக்கு இருக்கிறதா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இன்றைக்கு ஃபுல் மேடம். நாளைக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்."

இந்த இரண்டு கேள்வியிலும் குற்றச்சாட்டு இல்லை, ஆனால் பதில் சொன்ன பிறகு, கொடுத்தது வேறு வகை என்பதை ஹோட்டலே சொல்லியாகிவிட்டது. "படத்தில் ஒன்று காட்டி ஏமாற்றுகிறீர்களா" என்று ஆரம்பித்திருந்தால் பேச்சு படத்தின் பக்கம் போயிருக்கும். படங்கள் மாதிரிக்காக மட்டுமே என்று எங்காவது ஒரு வரி எழுதியிருப்பார்கள், அதைக் காட்டுவார், அதற்கு அப்புறம் அவள்தான் மேலே ஏறி வர வேண்டியிருக்கும்.

ரிசப்ஷனில் நிற்கும் அந்த ஆள் ஓவர்புக்கிங்கை முடிவு செய்தவர் இல்லை. எத்தனை அறை கூடுதலாக விற்பது என்று தீர்மானித்தவர் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பார். இவர் ஷிஃப்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தபோதுதான் இவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் இவர் கையில் சில விஷயங்கள் இருக்கின்றன: காலியாக இருக்கும் எந்த அறைக்கும் மாற்றுவது, எக்ஸ்ட்ரா பெட் போடுவது, செக்-அவுட் நேரத்தைத் தள்ளிக் கொடுப்பது. இவர் கையில் இல்லாதது பணம். பணத்தை டியூட்டி மேனேஜர் ஒப்புக்கொள்ள வேண்டும், தளம் வழியாகக் கட்டிய பணமாக இருந்தால் தளமும் நடுவில் வரும். அதனால் இரவில் முதலில் பணத்தைப் பற்றிப் பேசினால் இவரால் "முடியாது" என்ற பதிலை மட்டுமே தர முடியும், அந்த "முடியாது" அடுத்த பேச்சுக்கும் ஒட்டிக்கொள்ளும். முதலில் தூங்குவதற்கு இடம், பணம் அப்புறம்.

என்ன கேட்டாள், என்ன கிடைத்தது

அவள் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் விஷயம் சொல்லும் முறையிலேயே இருக்கிறது. "என் மாமியாருக்கு முழங்கால் முடியாது, அந்தத் தொட்டியைத் தாண்டி அவர்களால் குளியலறையைப் பயன்படுத்த முடியாது. அதற்காகத்தான் இந்த வகையை எடுத்தோம். தொட்டி இல்லாத ஷவர் இருக்கிற அறை, எந்த வகையாக இருந்தாலும் சரி, இன்றைக்கு ஏதாவது இருக்கிறதா?" சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாள்.

"அறை பிடிக்கவில்லை" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். பிடிக்கவில்லை என்பதற்கு மருந்து கிடையாது, அதனால் ஊழியர் சமாதானம் சொல்லத் தொடங்குவார். தொட்டியைத் தாண்ட முடியாது என்பது தீர்க்கக் கூடிய பிரச்சினை, அவர் மூளை உடனே அறைப் பட்டியலில் தேட ஆரம்பிக்கும். "எந்த வகையாக இருந்தாலும் சரி" என்றதும் தேடும் இடம் பெரிதாகிவிடும்.

முதலில் வந்த பதில், வழக்கமான பதில்: இரண்டு பேருக்கும் காலை உணவு இலவசம், இன்றைக்கு ஒரு நாள் அனுசரித்துக்கொள்ளுங்கள். காலை உணவு ஊழியரே தரக்கூடியது, ஹோட்டலுக்குச் செலவும் குறைவு, அதனால் எப்போதும் முதலில் அதுதான் வரும். தங்கை மறுக்கவும் இல்லை, அதோடு முடித்துக்கொள்ளவும் இல்லை. "நன்றி சார், ஆனால் குளியலறைப் பிரச்சினை அப்படியே இருக்கிறதே" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்து அவர் சொன்னது வேறு ஹோட்டல். பக்கத்தில் இவர்களுக்குத் தெரிந்த இடம், அங்கே ஓர் அறை இருக்கிறது, அனுப்பி வைக்கிறோம். இடமே இல்லாத நாளில் ஹோட்டல்கள் செய்வது இதுதான், நியாயமான வழியும்கூட, ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் சிலதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே இன்றைய இரவுக்கு யார் பணம் கட்டுகிறார்கள், போகவும் மறுநாள் திரும்பவும் வண்டி யார் செலவு, அந்த அறை நாம் எடுத்த வகைக்குச் சமமா, மறுநாள் இங்கே அறை உறுதியா. விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே, கார்டு கொடுத்து உறுதி செய்த முன்பதிவுக்கு அறை தர முடியாமல் போனால், அன்றைய இரவுக்குச் சமமான மாற்று இடத்தை ஹோட்டல் தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் விதிகளில் வைத்திருக்கின்றன. ஆகவே இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. முக்கியமான இன்னொன்று, கிளம்பும் முன் உங்கள் புக்கிங்கை "நோ-ஷோ" என்று போடக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். இரவில் கணக்கை மூடும்போது, செக்-இன் ஆகாமல் நிற்கும் பெயர்கள் எல்லாம் நோ-ஷோ ஆகிவிடும், வேறு ஹோட்டலுக்கு அனுப்பப்பட்டவர் என்பது குறிப்பில் இல்லாவிட்டால் வராதவர் பட்டியலில் உங்கள் பெயரும் சேரும். அப்புறம் முதல் இரவுக்குப் பணம் எடுப்பார்கள், சில ஹோட்டல்களில் மீதி இரவுகளும் ரத்தாகிவிடும்.

தங்கை யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். அந்த நேரத்தில் வயதானவரை மறுபடி வண்டியில் ஏற்றி இறக்க அவளுக்கு மனமில்லை. மாமியார் இல்லாமல் தனியாகப் போயிருந்தால், நல்ல ஹோட்டலாக இருந்தால், நானே போகச் சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில் அவள் கேட்ட கேள்விதான் கதவைத் திறந்தது, அது நான் சொல்லிக் கொடுத்தது. "சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறை ஏதாவது காலியாக இருக்கிறதா? இல்லை, சின்னப் பழுதுக்காக மூடி வைத்திருக்கும் அறை இருக்கிறதா?" பல ஹோட்டல்கள் அணுகல் வசதி உள்ள அறையைக் கடைசிவரை விற்காமல் வைத்திருக்கும், அதில் தொட்டி இருக்காது, தரை மட்டத்தில் ஷவர் இருக்கும். அதே மாதிரி, பழுதென்று மூடி வைத்த அறைகளில் சிலதில் டிவி வேலை செய்யாது, இல்லை அலமாரிக் கதவு கழன்றிருக்கும், ஒரு ராத்திரி தூங்க அது போதும். இவை இரண்டும் சாதாரணமாகக் "காலி" பட்டியலில் தெரியாது, தனியாகத் தேடினால்தான் தெரியும்.

அவர் தேடினார். முதல் மாடியில் அணுகல் வசதி அறை ஒன்று காலி. ஆனால் அதில் ஒரு இரட்டைக் கட்டில்தான், எக்ஸ்ட்ரா பெட் போட வேண்டும், அந்த அறையை யாருக்கும் கொடுக்கும் முன் டியூட்டி மேனேஜரைக் கேட்க வேண்டும். "கேளுங்கள் சார், நான் இங்கேயே உட்காருகிறேன்" என்றாள். மேனேஜர் போனிலேயே சரி என்றுவிட்டார். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்த அறை உண்மையிலேயே தேவைப்படுகிற இன்னொருவர் அந்த ராத்திரி வரவிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அப்போது கடைசி வழி, இன்னும் வந்து சேராத புக்கிங்குகள் எத்தனை என்று கேட்டு, நள்ளிரவுக்கு மேல் யாராவது வராமல் போனால் அந்த அறை நமக்கு என்று சொல்லி வைப்பது. அது நிச்சயமில்லாத வழி, வயதானவரோடு காத்திருக்கவும் முடியாது.

எழுதி வாங்கியது

அறை கிடைத்ததும் அங்கேயே தூங்கப் போயிருந்தால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும், இரவு பேசியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், காலையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால் கிளம்பும் முன் தங்கை ஒரு ஈமெயில் கேட்டாள். ஹோட்டலின் முகவரியிலிருந்து, புக்கிங் எண்ணோடு, இவ்வளவு மட்டும்: டீலக்ஸ் ட்வின் கிடைக்காததால் இன்று இரவு வேறு அறை தரப்பட்டது, நாளை மதியம் இரண்டு மணிக்குள் டீலக்ஸ் ட்வினுக்கு மாற்றப்படும், எக்ஸ்ட்ரா பெட்டுக்குக் கட்டணம் இல்லை, முதல் இரவுக்கான வாடகை வித்தியாசத்தை மேனேஜர் காலையில் முடிவு செய்வார்.

ஊழியருக்கு நீளமாக எழுதத் தயக்கம் இருந்தது. எனவே அவளே அந்த நான்கு வரியைத் தன் போனிலிருந்து ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, "சரி என்று மட்டும் பதில் போடுங்கள் சார்" என்றாள். போட்டார். எழுதச் சொல்வதைவிட எழுதியதை ஒப்புக்கொள்ளச் சொல்வது எப்போதும் சுலபம்.

மறுநாள் நான் நினைத்ததே நடந்தது. மதியம் போய்க் கேட்டபோது காலை ஷிஃப்டில் இருந்தவர், கணினியில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லையே மேடம் என்றார். ஈமெயிலைக் காட்டினாள். ஒன்றரை மணிக்கு டீலக்ஸ் ட்வின் கைக்கு வந்தது, ஜன்னல், இரண்டு கட்டில், ஷவர் எல்லாம் எழுதியிருந்தபடியே.

அந்த அறையும் படத்தில் இருந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லையாம். அது சகஜம். அறையின் மூலையில் நின்று, அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் போட்டு எடுப்பார்கள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நடக்கக் கூட இடம் இல்லாத அறையும் கூடம் மாதிரித் தெரியும். சதுர மீட்டர் கணக்கிலும் பல இடங்களில் குளியலறையும் நுழைவு வழியும் சேர்ந்திருக்கும். இதை வைத்து வாதாடி ஜெயிப்பது கஷ்டம், அவளும் பேசவில்லை, பேசாதது சரிதான் என்று நினைக்கிறேன். எழுத்தில் இருப்பது இல்லாமல் போனால் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். படத்தில் இருந்த அழகு நேரில் இல்லை என்பதற்கு யாரும் பணம் தருவதில்லை.

பணம்

மேனேஜர் காலையில் வித்தியாசத்தைத் தர ஒப்புக்கொண்டார், ஆனால் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். கணக்குக்காக டீலக்ஸ் ட்வின் ஓர் இரவுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். தங்கை புக் செய்த நாளில் ஸ்டாண்டர்ட் 70-க்கு இருந்தது. ஆனால் அவர்கள் தங்கிய அன்று கூட்டம் அதிகம், ஸ்டாண்டர்ட் அறையே 95-க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அன்றைய விலையை வைத்து வித்தியாசம் 5 என்றார். பொய்யான கணக்கு இல்லை, ஆனால் பொருந்தாத கணக்கு. ஒரு விலை பல வாரம் முன்பு போட்டது, இன்னொன்று நேற்றிரவு போட்டது, இரண்டையும் கழித்தால் வருவதற்கு அர்த்தமே இல்லை. ஒரே நாளில் இருந்த இரண்டு விலையைத்தான் கழிக்க வேண்டும்.

நல்ல காலம், புக் செய்தபோது எல்லா அறை வகைகளும் விலையோடு வரும் அந்தப் பக்கத்தை அவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டி, "நான் எடுத்த அன்று இரண்டுக்கும் 30 வித்தியாசம் இருந்தது, அதைக் கொடுங்கள்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். உண்மையில் அவள் தூங்கியது ஸ்டாண்டர்டில் இல்லை, அணுகல் வசதி அறையில், அதற்கு வேறு விலை இருக்கலாம் என்று அவர் வாதாடியிருக்கலாம், வாதாடவில்லை. புக் செய்யும்போது இந்தப் பக்கத்தை ஒரு முறை படமெடுத்து வைப்பது எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும், ஏனென்றால் பிறகு அதே விலைகளைத் திரும்பப் பார்க்க வழியே இருக்காது.

பணம் தளத்துக்குப் போயிருந்ததால் ஹோட்டல் நேரடியாகத் திருப்பித் தர முடியாது என்றார்கள். அது சாக்கு இல்லை, தளம் வசூலித்துக்கொண்டு தன் பங்கை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குத் தருகிற ஏற்பாட்டில் விருந்தினரின் கார்டு ஹோட்டல் கைக்கே வராது. இந்த மாதிரி நேரத்தில் ஹோட்டல் தன் பக்கத்துக் கணக்கில் தொகையைக் குறைத்துத் தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும், விருந்தினர் தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஹோட்டலின் சம்மத ஈமெயிலை இணைத்துக் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் நடந்தால் சீக்கிரம் முடியும். தங்கை ஹோட்டலில் இருக்கும்போதே அதைச் செய்தாள், மேனேஜர் எதிரிலேயே தளத்துக்கு எழுதினார். ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதினால் தளம் ஹோட்டலைக் கேட்கும், ஹோட்டலில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பணம் வராமலே போயிருந்தால் கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை வணிகரிடமிருந்து திரும்ப வாங்கித் தரும்படி கேட்கலாம். விவரித்தபடி சேவை இல்லை என்பது அதற்கு ஏற்ற காரணங்களில் ஒன்று. பொதுவாக 120 நாள் வரை அவகாசம் இருக்கும், சில வங்கிகள் அதற்கு முன்பே கேட்கச் சொல்லும். ஆனால் முதலில் வணிகரிடம் கேட்டு முயன்றதற்கு ஆதாரம் வேண்டும், கார்டு அறிக்கையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வணிகர், இங்கே அது தளம். மூன்று இரவும் தங்கிவிட்டு முழுப் பணத்தையும் கேட்டால் நிராகரிக்க வாய்ப்பு அதிகம், வித்தியாசத்தை மட்டும் கேட்டால் நிற்கும்.

இந்தப் பேச்சு முழுவதிலும் "மோசமாக ரிவ்யூ போடுவேன்" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் சொல்லாதே என்றிருந்தேன். அதைக் கேட்ட நிமிடமே ஊழியர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார், மேனேஜருக்கு மிரட்டல் என்று குறிப்பு எழுதுவார், பல தளங்களில் ரிவ்யூவைக் காட்டிப் பேரம் பேசுவது விதிமீறலும்கூட. ரிவ்யூ எழுத வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி எழுதலாம், அவள் எழுதினாள், ராத்திரி அந்த ஊழியர் தேடிக் கொடுத்ததையும் சேர்த்து.

செக்-அவுட் அன்று பில்லைக் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தேன். எதிர்பார்த்த மாதிரியே அதில் ஓர் இரவுக்கு எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் ஏறியிருந்தது. யாரும் வேண்டுமென்று போட்டதில்லை, கட்டில் போட்டதாகப் பதிவு செய்தால் கணினி தானாகவே கட்டணத்தையும் ஏற்றும், யாராவது கையால் எடுக்க வேண்டும். ஈமெயிலில் மூன்றாவது வரியைக் காட்டினாள், எடுத்துவிட்டார்கள். பாக்கி ஒன்றும் இல்லை என்று காட்டும் பில் நகலை வாங்கி, 30 வித்தியாசம் தளத்திலிருந்து கார்டில் வந்து சேரும்வரை பத்திரமாக வைத்திருந்தாள்.